மூன்று கோணங்களும் ஒரு நேர்க்கோடும்

கட்டத்தாளில் மூன்று செங்கோண முக்கோணங்கள் வரையப்பட்டுள்ளன எனக் கொள்வோம். மூன்றுக்கும் அடிப்பக்கம் ஒரு கட்டம். முதல் முக்கோணத்தின் உயரம் ஒரு கட்டம்; இரண்டாவதன் உயரம் இரண்டு கட்டங்கள்; மூன்றாவதன் உயரம் மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்பக்கத்துக்கும் சாய்ந்த பக்கத்துக்கும் இடையில் உள்ள கோணத்தைக் கத்தரித்து எடுத்து, அம்மூன்று துண்டுகளின் முனைகளையும் ஒரே புள்ளியில் சேர்த்து ஒட்டினால் என்ன உருவாகும்?

கோணமானியால் அளந்து பார்த்தால், முதல் கோணம் 45 பாகை. இரண்டாவது 63 பாகைக்குச் சற்று அதிகம். மூன்றாவது 72 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒட்டிய துண்டுகளின் இரு ஓரங்களும் ஒரே நேர்க்கோடாக அமைவதுபோல் தோன்றும். அதாவது, மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று கண் சொல்கிறது.

ஆனால், 179.9 பாகைக்கும் 180 பாகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலோ கோணமானியாலோ காண இயலாது. கணிப்பான் 63.43494882 என்றும் 71.56505118 என்றும் காட்டுகிறது. அவற்றுடன் 45ஐக் கூட்டினால் 180 வருகிறது. எனினும், கணிப்பானும் சில இலக்கங்களுக்குப் பிறகு எண்ணை முழுமையாக்கித்தான் காட்டுகிறது. பதினைந்தாவது இலக்கத்தில் ஒரு சிறு வேறுபாடு ஒளிந்திருந்தால் அது திரையில் தெரியாது. ஆகவே, விடை "ஏறத்தாழ 180" என்பதா, "சரியாக 180" என்பதா? இதை முடிவுசெய்ய அளவெடுப்பு போதாது, நிறுவல் வேண்டும்.

பின்னோக்கிக் கேட்கும் கேள்வி

செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது அக்கோணத்தின் டேன்ஜென்ட் ஆகும். இது சாய்வு எவ்வளவு செங்குத்தானது என்பதைக் காட்டும் எண். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்று 12 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயர்ந்தால், அதன் டேன்ஜென்ட் 1/12. மேலே கண்ட மூன்று முக்கோணங்களின் டேன்ஜென்ட் முறையே 1, 2, 3 ஆகும்.

கோணம் தெரிந்தால் டேன்ஜென்டைக் காணலாம். அதைத் திருப்பிப் போட்டு, "டேன்ஜென்ட் 2 என்றால் கோணம் எது?" என்று கேட்பதே நேர்மாறு டேன்ஜென்ட். இதை arctan 2 என்று எழுதுவர். கணிப்பானின் பொத்தானில் இது tan⁻¹ என்று பொறிக்கப்பட்டிருக்கும். எனவே, தொடக்கத்தில் எழுந்த கேள்வியைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

arctan 1 + arctan 2 + arctan 3 = ?

இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே டேன்ஜென்டைக் கொண்ட கோணங்கள் பல உண்டு. 45 பாகைக்கும் டேன்ஜென்ட் 1. 225 பாகைக்கும் டேன்ஜென்ட் 1. ஒரு சாய்வுக்கோட்டின் மேல் ஏறிச் சென்றாலும், அதே கோட்டில் எதிர்த்திசையில் இறங்கிச் சென்றாலும் கோட்டின் சாய்வு மாறாது அல்லவா? டேன்ஜென்ட் கோட்டின் சாய்வை மட்டுமே சொல்லும்; அதில் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறோம் என்பதைச் சொல்லாது. எனவே, குழப்பத்தைத் தவிர்க்க, arctan எப்போதும் –90 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையில் உள்ள ஒரே ஒரு கோணத்தையே விடையாகத் தரும் என்று கணிதவியலாளர்கள் வரையறுத்துள்ளனர். இந்த வரையறை பயனுள்ளது. ஆனால், கோணங்களைக் கூட்டும்போது இதுவே தவறுக்கும் இடமளிக்கிறது.

கூட்டல் சூத்திரம் எங்கிருந்து வருகிறது?

இரு கோணங்களின் டேன்ஜென்ட் தெரிந்தால், அவற்றின் கூட்டுத்தொகையின் டேன்ஜென்டைக் காணப் பின்வரும் சூத்திரம் உதவும்:

tan(A + B) = (tan A + tan B) / (1 – tan A × tan B)

இச்சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, அது எப்படிப் பிறக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. கட்டத்தாளில் வலப்புறம் கிழக்கு, மேற்புறம் வடக்கு என்று கொள்வோம். ஒருவர் O என்னும் புள்ளியிலிருந்து புறப்படுகிறார்.

அவர் சென்று சேரும் முதல் இடம் P. அது O-விலிருந்து 1 கட்டம் கிழக்கிலும் a கட்டங்கள் வடக்கிலும் உள்ளது. ஆகவே, OP என்னும் கோடு கிழக்குத் திசையுடன் உண்டாக்கும் கோணம் A; அதன் டேன்ஜென்ட் a.

P-யை அடைந்ததும் அவர் இடப்பக்கமாகச் சரியாக 90 பாகை திரும்புகிறார். பிறகு, இதுவரை நடந்த OP தொலைவைப்போல் b மடங்கு நடந்து Q என்னும் இடத்தை அடைகிறார். இப்போது O, P, Q மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தை உருவாக்குகின்றன. செங்கோணம் P-யில் உள்ளது. O-வில் உள்ள கோணத்துக்கு எதிர்ப்பக்கம் PQ, அடுத்துள்ள பக்கம் OP. PQ என்பது OP-யின் b மடங்கு என்பதால், அக்கோணத்தின் டேன்ஜென்ட் b. அந்தக் கோணமே B. எனவே, OQ என்னும் கோடு கிழக்குத் திசையுடன் உண்டாக்கும் கோணம் A + B ஆகும்.

Q எங்கே இருக்கிறது? இடப்பக்கம் திரும்பும்போது திசைகள் மாறும் விதத்தைக் கவனித்தால் போதும். கிழக்கு நோக்கிச் சென்றவர் இடப்பக்கம் திரும்பினால் வடக்கு நோக்குவார். வடக்கு நோக்கிச் சென்றவர் இடப்பக்கம் திரும்பினால் மேற்கு நோக்குவார். OP-யில் 1 கிழக்கும் a வடக்கும் இருந்தன. திரும்பிய பிறகு அவை 1 வடக்காகவும் a மேற்காகவும் மாறுகின்றன. அதை b மடங்காக்கினால், b வடக்கு, ab மேற்கு. இதை முதல் நடையுடன் சேர்த்தால் Q-வின் இடம் கிடைக்கிறது:

கிழக்கு: 1 – ab
வடக்கு: a + b

வடக்குத் தொலைவைக் கிழக்குத் தொலைவால் வகுத்தால் OQ-வின் சாய்வு, அதாவது A + B-யின் டேன்ஜென்ட் கிடைக்கும். அதுவே மேலே தரப்பட்ட சூத்திரம். கீழே உள்ள 1 – ab என்னும் பகுதி எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெளிவாகிறது. முதலில் ஒரு கட்டம் கிழக்கே சென்றவர், திரும்பிய பிறகு ab கட்டங்கள் மேற்கே வந்துவிட்டார். மிஞ்சியது 1 – ab.

பூச்சியம் என்னும் விடை

இச்சூத்திரத்தை arctan 2 + arctan 3 என்பதில் பயன்படுத்துவோம். a = 2, b = 3.

(2 + 3) / (1 – 2 × 3) = 5 / (–5) = –1

டேன்ஜென்ட் –1 என்று கிடைத்துள்ளது. மாணவர் ஒருவர் உடனே கணிப்பானில் tan⁻¹(–1) என்று அழுத்துகிறார். திரையில் –45 தோன்றுகிறது. "அப்படியானால் arctan 2 + arctan 3 = –45 பாகை. இதனுடன் arctan 1, அதாவது 45 பாகையைக் கூட்டினால் விடை 0" என்று அவர் எழுதி முடிக்கிறார். சூத்திரம் சரி. வகுத்தல் சரி. கணிப்பானும் பழுதாகவில்லை. ஆயினும் விடை தவறு.

தவறு என்பதை அறிவதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. மூன்று கோணங்களும் 0-க்கு மேற்பட்டவை. நேர்மறை எண்கள் மூன்றைக் கூட்டினால் பூச்சியம் எப்படி வரும்? மேலும், 63 பாகைக்கு மேற்பட்ட ஒரு கோணத்தையும் 71 பாகைக்கு மேற்பட்ட ஒரு கோணத்தையும் கூட்டினால் கிடைப்பது –45 ஆக இருக்கவே முடியாது. விடையை எழுதும் முன் தோராயமாக மதிப்பிட்டுப் பார்த்திருந்தால் இத்தவறு அப்போதே பிடிபட்டிருக்கும்.

பிழை எந்தப் படியில் நுழைந்தது? நடையைப் பின்தொடர்ந்தால் அது தெரியும். P என்பது 1 கிழக்கு, 2 வடக்கு. இடப்பக்கம் திரும்பினால் 2 மேற்கு, 1 வடக்கு. அதன் மும்மடங்கு 6 மேற்கு, 3 வடக்கு. ஆகவே Q என்பது 5 மேற்கு, 5 வடக்கு. அந்த இடம் O-வுக்கு வடமேற்கில் உள்ளது. கிழக்கிலிருந்து தொடங்கி, வடக்கைக் கடந்து, வடமேற்கை அடைய 135 பாகை திரும்ப வேண்டும்.

வகுத்தல் செய்தபோது 5-க்கும் –5-க்கும் இருந்த குறிகள் ஒன்றாகக் கலந்து –1 என்னும் ஓர் எண்ணாகிவிட்டன. வடமேற்கில் நிற்பவருக்கும் (5 வடக்கு, 5 மேற்கு) தென்கிழக்கில் நிற்பவருக்கும் (5 தெற்கு, 5 கிழக்கு) அதே –1தான் கிடைக்கும். இருவரும் ஒரே கோட்டில், O-வுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறார்கள். கணிப்பானுக்கு –1 மட்டுமே கொடுக்கப்பட்டது. அது தன் வரையறைப்படி தென்கிழக்கைத் தேர்ந்து –45 என்றது. உண்மையில் நடந்தவரோ வடமேற்கில் இருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சரியாக 180 பாகை.

எனவே, சரியான விடை: arctan 2 + arctan 3 = –45 + 180 = 135 பாகை.

எப்போது 180-ஐச் சேர்க்க வேண்டும்?

a, b இரண்டும் நேர்மறை எண்களாக இருக்கும்போது, விடையைத் தீர்மானிப்பது அவற்றின் பெருக்கற்பலன். ஏனெனில், வடக்குத் தொலைவாகிய a + b எப்போதும் நேர்மறையாகவே இருக்கும். கிழக்குத் தொலைவாகிய 1 – ab மட்டுமே குறி மாறக்கூடியது. இதில் மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, ab ஒன்றைவிடக் குறைவாக இருக்கும் நிலை. எடுத்துக்காட்டாக, arctan 1/2 + arctan 1/3. பெருக்கற்பலன் 1/6. சூத்திரத்தில் இட்டால், மேலே 5/6, கீழே 5/6, டேன்ஜென்ட் 1. நடந்தவர் இன்னும் கிழக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். ஆகவே, கணிப்பான் தரும் 45 பாகையே விடை. எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ab சரியாக 1 ஆக இருக்கும் நிலை. எடுத்துக்காட்டாக, arctan 2 + arctan 1/2. கீழே பூச்சியம் வருவதால் வகுக்க முடியாது. இதைக் கண்டு, கணக்கு தோற்றுவிட்டது என்று சிலர் எண்ணுவர். உண்மையில் நடந்தவர் கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை, நேர்வடக்கில் நிற்கிறார். விடை 90 பாகை. ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு குறுங்கோணங்களைக் கூட்டினால் 90 பாகை வரும் என்பதும் இதுவும் ஒன்றே.

மூன்றாவது, ab ஒன்றைவிட அதிகமாக இருக்கும் நிலை. 2, 3 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 6. நடந்தவர் வடக்கைக் கடந்து மேற்குப் பக்கம் போய்விட்டார். கோணம் 90 பாகையைத் தாண்டிவிட்டது. கணிப்பான் தரும் விடையுடன் 180-ஐச் சேர்க்க வேண்டும்.

ஆக, சூத்திரத்தில் எண்களை இடுவதற்கு முன்பே இரண்டையும் பெருக்கிப் பார்ப்பவர் இப்பொறியில் சிக்கமாட்டார்.

மூன்றாவது கோணத்தைச் சேர்த்தல்

இப்போது arctan 1-ஐயும் சேர்த்து நிறுவலை முடிக்கலாம். 135 + 45 = 180 என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால், முழு நடையையும் தொடக்கத்திலிருந்து ஒருமுறை நடந்து பார்ப்பது விடையை இன்னும் உறுதியாக்கும். இம்முறை வரிசையை மாற்றி, 1, 2, 3 என்றே செல்வோம்.

முதல் கோணம்: 1 கிழக்கு, 1 வடக்கு.

இரண்டாம் கோணம்: இடப்பக்கம் திரும்பினால் 1 மேற்கு, 1 வடக்கு. அதன் இருமடங்கு 2 மேற்கு, 2 வடக்கு. முன்னதுடன் சேர்த்தால் 1 மேற்கு, 3 வடக்கு.

மூன்றாம் கோணம்: இப்போதைய இடம் 1 மேற்கு, 3 வடக்கு. மேற்கு நோக்கியவர் இடப்பக்கம் திரும்பினால் தெற்கு. வடக்கு நோக்கியவர் திரும்பினால் மேற்கு. ஆகவே 1 தெற்கு, 3 மேற்கு. அதன் மும்மடங்கு 3 தெற்கு, 9 மேற்கு. முன்னதுடன் சேர்த்தால், 10 மேற்கு. வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியமாகின்றன.

நடந்தவர் O-வுக்கு நேர்மேற்கில், சரியாகப் பத்துக் கட்டங்கள் தள்ளி நிற்கிறார். ஒவ்வொரு கோணமும் 90 பாகையைவிடக் குறைவு என்பதால் மொத்தத் திருப்பம் 270 பாகையைத் தாண்டியிருக்க முடியாது. எனவே, நேர்மேற்கு என்பது 180 பாகையையே குறிக்கும். இதில் முழு எண்கள் மட்டுமே பயன்பட்டன. எந்த இலக்கமும் முழுமையாக்கப்படவில்லை. ஆகவே, விடை "ஏறத்தாழ" அன்று. சரியாக 180 பாகை. ரேடியனில் சொன்னால், அது π.

arctan 1 + arctan 2 + arctan 3 = π

கட்டத்தாளில் ஒளிந்துள்ள முக்கோணம்

கூட்டுத்தொகை 180 பாகை என்றதும் இன்னொரு படம் மனத்தில் தோன்ற வேண்டும். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினாலும் 180 பாகைதான். அப்படியானால், இம்மூன்று கோணங்களையும் கொண்ட ஒரு முக்கோணம் இருக்க வேண்டும். அதைக் கட்டத்தாளில் எளிதாக வரையலாம். அதன் முனைகள்: (0, 0), (3, 0), (2, 2).

இடப்புற முனையிலிருந்து உச்சிக்குச் செல்ல 2 கட்டம் கிழக்கு, 2 கட்டம் வடக்கு. ஆகவே அங்குள்ள கோணத்தின் டேன்ஜென்ட் 1. வலப்புற முனையிலிருந்து உச்சிக்குச் செல்ல 1 கட்டம் மேற்கு, 2 கட்டம் வடக்கு. அங்குள்ள கோணத்தின் டேன்ஜென்ட் 2.

எஞ்சியது உச்சிக் கோணம். அதைக் காண, வலப்புற முனையிலிருந்து இடப்புறச் சாய்வுப் பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைய வேண்டும். அச்சாய்வுப் பக்கம் கட்டங்களின் மூலைவிட்டத் திசையில் செல்வதால், செங்குத்துக் கோடும் மற்றொரு மூலைவிட்டத் திசையில் செல்லும். அது (1.5, 1.5) என்னும் புள்ளியில் சந்திக்கும். அங்கிருந்து வலப்புற முனைக்கு ஒன்றரை மூலைவிட்டம். உச்சிக்கு அரை மூலைவிட்டம். ஒன்றரையை அரையால் வகுத்தால் 3. எனவே, உச்சிக் கோணத்தின் டேன்ஜென்ட் 3. இது அதே விடைக்கு, சூத்திரமே இல்லாத இன்னொரு நிறுவல்.

இவ்வகை முக்கோணம் வேறு உண்டா? மூன்று கோணங்களின் டேன்ஜென்டும் முழு எண்களாக உள்ள முக்கோணத்தைத் தேடுவோம். எந்த முக்கோணத்திலும் மிகச் சிறிய கோணம் 60 பாகைக்கு மேற்படாது. மூன்றும் 60-ஐத் தாண்டினால் கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டிவிடும். 60 பாகையின் டேன்ஜென்ட் சுமார் 1.73. அதற்குட்பட்ட நேர்மறை முழு எண் 1 மட்டுமே. எனவே, மிகச் சிறிய கோணம் 45 பாகைதான். மற்ற இரண்டும் சேர்ந்து 135 பாகை. சிறியதே 45 என்பதால், அவ்விரண்டில் எதுவும் 45-க்குக் குறையாது. ஆகவே எதுவும் 90-ஐத் தாண்டாது.

135 பாகையின் டேன்ஜென்ட் –1. கூட்டல் சூத்திரத்தின்படி, (b + c) / (1 – bc) = –1. இதைச் சுருக்கினால் b + c = bc – 1. அதையே (b – 1)(c – 1) = 2 என்றும் எழுதலாம். இரண்டு முழு எண்களைப் பெருக்கி 2 பெற வேண்டுமானால், அவை 1-உம் 2-உம் ஆக இருக்க வேண்டும். ஆகவே b, c ஆகியவை 2, 3. வேறு வழியே இல்லை. பெரிதாகவோ சிறிதாகவோ வரையலாம். ஆனால், வடிவத்தால் அத்தகைய முக்கோணம் ஒன்றே ஒன்றுதான்.

கணினிக்கும் திசை வேண்டும்

மாணவர் செய்த அதே தவற்றைக் கணினி நிரலும் செய்யக்கூடும். வரைபடத்தில் ஒரு புள்ளி எந்தத் திசையில் உள்ளது என்று காண, வடக்குத் தொலைவைக் கிழக்குத் தொலைவால் வகுத்து arctan கண்டால், வடமேற்கில் உள்ள புள்ளியைத் தென்கிழக்கில் இருப்பதாக நிரல் சொல்லிவிடும். இதைத் தவிர்க்கவே பல நிரல்மொழிகளில் atan2 என்னும் கட்டளை தரப்பட்டுள்ளது. அது இரண்டு தொலைவுகளையும் வகுக்காமல் தனித்தனியே பெற்றுக்கொள்ளும். குறிகளைப் பார்த்துத் திசையை முடிவுசெய்யும். பைத்தான் மொழியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்:

```
import math
math.degrees(math.atan(5 / -5))    # -45.0
math.degrees(math.atan2(5, -5))    # 135.0
```

முதல் வரியில் வகுத்தல் முடிந்துவிட்டதால் திசை தொலைந்துவிட்டது. இரண்டாவது வரியில் அது காக்கப்பட்டுள்ளது.

சிறிய கோணங்களால் π-ஐ அளந்தவர்

கூட்டல் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஓர் அரிய கணக்கைச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மெசின். arctan 1/5 என்பது 11 பாகையைச் சற்றே தாண்டிய கோணம். அதன் நான்கு மடங்கு 45 பாகையைச் சற்றே தாண்டும். எவ்வளவு தாண்டும்?

arctan 1/5-ஐ இருமுறை கூட்டினால், மேலே 2/5, கீழே 24/25, டேன்ஜென்ட் 5/12. அக்கோணத்தை மீண்டும் இருமுறை கூட்டினால், மேலே 10/12, கீழே 119/144; டேன்ஜென்ட் 120/119. எல்லாப் படிகளிலும் பெருக்கற்பலன் ஒன்றைவிடக் குறைவு. எனவே 180-ஐச் சேர்க்கும் தேவை எழவில்லை. 120/119 என்பது 1-ஐவிடச் சற்றே பெரியது. இக்கோணத்திலிருந்து 45 பாகையைக் கழிக்க, b-க்குப் பதிலாக –1-ஐ இட்டால், மேலே 1/119, கீழே 239/119; டேன்ஜென்ட் 1/239. ஆகவே,

4 × arctan 1/5 – arctan 1/239 = 45 பாகை

ரேடியனில் 45 பாகை என்பது π/4. சிறிய எண்களின் arctan மதிப்பை ஒரு கூட்டல் தொடரின் சில உறுப்புகளைக் கொண்டே நுட்பமாகக் கணக்கிடலாம்; 1 போன்ற பெரிய எண்ணுக்கு அத்தொடர் மிக மெதுவாகவே விடையை நெருங்கும். அதனால்தான் 1/5, 1/239 என்னும் சிறிய எண்கள் தேவைப்பட்டன. இச்சமன்பாட்டைக் கொண்டு மெசின் 1706ஆம் ஆண்டில் π-இன் மதிப்பை 100 இலக்கங்கள் வரை கண்டறிந்தார். கணிப்பான் இல்லாத காலத்தில், தாளும் எழுதுகோலுமே அவருடைய கருவிகள்.

சிந்தித்து விடையளி

1. arctan 2 + arctan 2 என்பதற்குக் கணிப்பான் தரும் விடையுடன் 180-ஐச் சேர்க்க வேண்டுமா? காரணம் கூறுக.

2. arctan 3 + arctan 1/3 என்பதற்கான நடையைக் கட்டத்தாளில் வரைக. நடந்தவர் எந்தத் திசையில் நிற்கிறார்?

3. "விடை பூச்சியம்" என்று எழுதிய மாணவர், எந்தப் படியில் எந்தத் தகவலை இழந்தார்? உன் சொந்த வாக்கியத்தில் விளக்குக.

4. arctan 2 என்பது 90 – arctan 1/2 ஆகும். Arctan 3 என்பது 90 – arctan 1/3 ஆகும். இவ்விரண்டையும் கொண்டு, மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பதை இன்னொரு வழியில் நிறுவுக.